விசினல் டையால்களின் அமில இடமாற்றம்: இடம்பெயரும் தொகுதியை முன்கணிப்பதில் வினாக்களின் வரிசை

ஆய்வுச் சுருக்கம்

அடுத்தடுத்த இரு கார்பன்களில் ஹைட்ராக்சில் தொகுதிகளைக் கொண்ட டையால்கள் அமிலத்தின் முன்னிலையில் நீரை இழந்து கீட்டோன்களாக மாறுகின்றன. இவ்வினையில் எந்தத் தொகுதி இடம்பெயரும் என்பதை இடம்பெயர் திறன் வரிசையை மட்டும் கொண்டு கணிப்பது பலமுறை பிழையான அமைப்புக்கு இட்டுச் செல்கிறது. ஒன்றுக்கொன்று மாற்றியங்களான இரண்டு டையால்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அவற்றுள் ஒன்றில் ஃபீனைல் தொகுதியும் மற்றொன்றில் மெத்தில் தொகுதியும் இடம்பெயர்ந்து ஒரே கீட்டோனைத் தருவதை விளக்கி, எந்த ஹைட்ராக்சில் வெளியேறுகிறது என்னும் வினாவே முதலில் கேட்கப்பட வேண்டியது என நிறுவுகிறது. அமிலத்தின் வலிமை, வளைய அமைப்பு ஆகியவற்றால் இக்கணிப்பு எங்கு தளர்கிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பினக்கால், பினக்கலோன், கார்பன் நேரயனி, இடம்பெயர் திறன், சமச்சீர் டையால், ஆக்சிஜன்-18

முன்னுரை

ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் ருடால்ஃப் ஃபிட்டிக், அசிட்டோனைக் கார உலோகத்துடன் வினைபுரியச் செய்து கிடைத்த பொருளைக் கந்தக அமிலத்துடன் சூடுபடுத்தியபோது, கற்பூரம் போன்ற மணமுடைய ஒரு நீர்மம் வடிந்தது. 1860இல் அவர் இதனை விவரித்தார். முதற்பொருள் இன்று பினக்கால் எனவும், நீர்மம் பினக்கலோன் எனவும் அழைக்கப்படுகின்றன. பினக்காலின் நீரேறிய படிகங்கள் சிறு பலகைகளைப் போலத் தோன்றுவதால், பலகை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. கார்பன் சங்கிலியின் அமைப்பே ஒரு வினையில் மாறக்கூடும் என்பது அக்காலத்தில் எளிதில் ஏற்கத்தக்க கருத்தன்று. எனவே பினக்கலோனின் உண்மையான அமைப்பு உடனே அறியப்படவில்லை. 1870களில் பட்லெரோவின் ஆய்வுகளே அதில் மூன்று மெத்தில் தொகுதிகள் ஒரே கார்பனில் அமைந்துள்ளன என்பதை ஐயமற நிறுவின.

பினக்காலில் இரு கார்பன்களிலும் இருப்பவை மெத்தில் தொகுதிகளே. ஆகவே எது வெளியேறினும், எது நகரினும் விளைபொருள் ஒன்றுதான். முன்கணிப்பு என்னும் சிக்கல் அங்கே எழுவதில்லை. நான்கு தொகுதிகளும் ஒத்தவையாக இல்லாத டையாலில்தான் அது எழுகிறது. பட்டப்படிப்பு வகுப்புகளில் இதற்கு விடையாக ‘ஃபீனைல் தொகுதி மெத்திலைவிட எளிதில் இடம்பெயரும்’ என்பது போன்றதொரு வரிசை மனப்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. இவ்வரிசை தவறானதன்று; ஆனால் அது இரண்டாவது வினாவுக்கான விடை. முதல் வினாவைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தும்போதுதான் பிழை நேர்கிறது. அப்பிழை எளிதில் வெளிப்படுவதுமில்லை. தவறாகக் கணிக்கப்பட்ட கீட்டோனும் சரியான கீட்டோனும் ஒரே மூலக்கூறு வாய்பாடு உடையவை. தனிமப் பகுப்பாய்வு இரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

வினை நிகழும் முறை

பின்வரும் விளக்கத்தில் Ph என்பது ஃபீனைல் தொகுதியையும் Me என்பது மெத்தில் தொகுதியையும் குறிக்கும்.

அமிலம் முதலில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதிக்குப் புரோட்டானை வழங்குகிறது. புரோட்டான் ஏற்ற அத்தொகுதி நீராக வெளியேற, அது இருந்த கார்பன் நேர்மின்சுமை பெறுகிறது. அடுத்த கார்பனில் இன்னும் ஒரு ஹைட்ராக்சில் எஞ்சியிருக்கிறது. அக்கார்பனிலுள்ள வேறொரு தொகுதி, தன்னைப் பிணைத்திருந்த எலக்ட்ரான் இரட்டையுடன் நேர்மின்சுமையுள்ள கார்பனுக்கு நகர்கிறது. அவ்வாறு நகர்ந்ததும் நேர்மின்சுமை ஹைட்ராக்சில் உள்ள கார்பனுக்கு வந்துசேர, ஆக்சிஜனின் தனித்த எலக்ட்ரான் இரட்டை அதனை ஏற்றுக்கொள்கிறது. புரோட்டான் நீங்கியதும் கார்பனைல் தொகுதி உருவாகிறது. வினையை முன்னோக்கி ஈர்ப்பது இவ்விறுதி நிலையே. சாதாரணக் கார்பன் நேரயனியைவிட ஆக்சிஜனால் தாங்கப்பட்ட நேரயனி மிகுந்த நிலைப்புத்தன்மை உடையது. மூவிணையக் கார்பன் நேரயனிகூட மேலும் ஓர் இடமாற்றத்துக்கு உள்ளாவதன் காரணம் இதுதான்.

இப்போக்கில் முன்கணிப்புக்கு இன்றியமையாத ஓர் உண்மை அடங்கியுள்ளது. இடம்பெயரும் தொகுதி எப்போதும் ஹைட்ராக்சிலை இழக்காத கார்பனிலிருந்தே புறப்படுகிறது. ஹைட்ராக்சிலை இழந்த கார்பனில் ஏற்கெனவே இருக்கும் தொகுதிகள், அவற்றின் இடம்பெயர் திறன் எவ்வளவு உயர்ந்ததாயினும், இப்போட்டியில் கலந்துகொள்வதே இல்லை. ஆகவே எந்த ஹைட்ராக்சில் வெளியேறும் என்பது முதல் வினா. எஞ்சிய கார்பனிலுள்ள இரு தொகுதிகளுள் எது நகரும் என்பது இரண்டாவது வினா. முதல் வினாவின் விடை, பொதுவாக, இரு கார்பன் நேரயனிகளுள் எது நிலைப்பு மிக்கது என்பதைப் பொறுத்தது.

இரண்டு டையால்கள், ஒரே கீட்டோன்

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் இணை ஒன்று உண்டு. அதன் உறுப்புகள் பின்வருமாறு.

டையால் 1: PhMeC(OH)–C(OH)MePh, அதாவது 2,3-டைஃபீனைல்பியூட்டேன்-2,3-டையால்.

டையால் 2: Ph2C(OH)–C(OH)Me2, அதாவது 2-மெத்தில்-1,1-டைஃபீனைல்புரொப்பேன்-1,2-டையால்.

இரண்டுக்கும் வாய்பாடு C16H18O2. டையால் 1 அசிட்டோஃபீனோனின் இரு மூலக்கூறுகள் ஒடுக்கத்தால் இணைவதால் கிடைப்பது, சமச்சீரானது. டையால் 2 சமச்சீரற்றது. அது ஒடுக்க இணைப்பால் தூய்மையாகக் கிடைப்பதில்லை. அசிட்டோனையும் பென்சோஃபீனோனையும் சேர்த்து ஒடுக்கினால் தத்தம் சமச்சீர் டையால்களும் உடன் விளையும். ஆகவே பென்சிலிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டருடன் மிகையான மெத்தில்மக்னீசியம் அயோடைடை வினைபுரியச் செய்து அதனைப் பெறுவது நல்ல வழி. எஸ்டரின் ஹைட்ராக்சில் தொகுதியே ஒரு சமான அளவு கிரிக்னார்டு வினைப்பொருளை அழித்துவிடுமாதலால், குறைந்தது மூன்று சமான அளவு தேவைப்படும் என்பதை இங்கு மறத்தலாகாது.

நீர் நீங்கிய பின் இவ்விரு டையால்களிலிருந்தும் தோன்றக்கூடிய கீட்டோன்களும் இரண்டே.

கீட்டோன் 3: Ph2MeC–CO–Me, அதாவது 3,3-டைஃபீனைல்பியூட்டன்-2-ஓன்.

கீட்டோன் 4: PhMe2C–CO–Ph, அதாவது 2-மெத்தில்-1,2-டைஃபீனைல்புரொப்பன்-1-ஓன்.

முதலில் டையால் 1 ஆராயப்படட்டும். இது சமச்சீரானது என்பதால் எந்த ஹைட்ராக்சில் வெளியேறினும் தோன்றும் நேரயனி ஒன்றே: PhMeC⁺–C(OH)MePh. முதல் வினா தானாகவே விலகிவிடுகிறது. எஞ்சிய கார்பனில் ஃபீனைல், மெத்தில் ஆகிய இரண்டும் போட்டியிடுகின்றன. ஃபீனைல் வளையத்தின் பை எலக்ட்ரான்கள் நேர்மின்சுமையுள்ள கார்பனை நோக்கி நீண்டு, இரு கார்பன்களுக்கும் இடையே பாலமாக அமையும் நிலையைத் தோற்றுவிக்க வல்லவை. மெத்திலுக்கு அத்தகைய வசதி இல்லை. ஆகவே ஃபீனைல் நகர்கிறது. நேரயனிக் கார்பனில் முன்பிருந்த ஒரு ஃபீனைலுடன் வந்த ஃபீனைலும் சேர, விளைவது கீட்டோன் 3.

டையால் 2இல் நிலைமை வேறு. இரு ஃபீனைல் தொகுதிகளைத் தாங்கும் கார்பனிலிருந்து நீர் வெளியேறினால் தோன்றும் நேரயனியின் மின்சுமை இரு வளையங்களிலும் பரவுகிறது. இரு மெத்தில் தொகுதிகளைத் தாங்கும் கார்பனில் அத்தகைய பரவலுக்கு இடமில்லை. எனவே டைஃபீனைல் கார்பனின் ஹைட்ராக்சிலே வெளியேறுகிறது: Ph2C⁺–C(OH)Me2. இப்போது இடம்பெயரத்தக்க கார்பனில் இருப்பவை இரு மெத்தில் தொகுதிகள் மட்டுமே. வேறு வழியின்றி மெத்தில் நகர்கிறது. விளைபொருள் Ph2MeC–CO–Me, அதாவது மீண்டும் கீட்டோன் 3.

ஒரே கீட்டோனை நோக்கி ஒரு டையாலில் ஃபீனைலும் மற்றொன்றில் மெத்திலும் பயணம் செய்கின்றன. இடம்பெயர் திறன் வரிசையை மட்டும் கையிற்கொண்டு டையால் 2ஐ அணுகும் மாணவர், ஃபீனைல் முந்தும் எனக் கருதிக் கீட்டோன் 4ஐ எழுதிவிடுவார். அவர் பயன்படுத்திய வரிசை சரியே. அதற்கு இங்கே வேலை இல்லை என்பதுதான் அவர் காணத் தவறியது.

பாக்மனின் அளவீடுகள் சொல்வதும் சொல்லாததும்

இடம்பெயர் திறன் வரிசை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் அதன் எல்லையும் விளங்கும். அமெரிக்க வேதியியலாளர் பாக்மனும் அவருடைய உடனாய்வாளர்களும் 1930களில் இதனை முறையாக அளந்தனர். அவர்கள் தேர்ந்தெடுத்தவை ArAr′C(OH)–C(OH)ArAr′ என்னும் வடிவிலான சமச்சீர் டையால்கள். Ar, Ar′ ஆகியவை வெவ்வேறு அரோமாட்டிக் தொகுதிகள். இத்தேர்வு தற்செயலானதன்று. சமச்சீர் டையாலில் தோன்றக்கூடிய நேரயனி ஒன்றே என்பதால், விளைபொருள்களின் விகிதம் நேரயனியின் நிலைப்பைப் பற்றி எதுவும் கூறாமல், இடம்பெயரும் போட்டியை மட்டும் காட்டும். முதல் வினாவை ஆய்வின் அமைப்பிலேயே நீக்கிவிட்டு, இரண்டாவது வினாவைத் தனியே அளந்த நுட்பம் இது.

விளைபொருள் கலவையைப் பகுப்பதற்கு நிறமாலைக் கருவிகள் இன்றுபோல் கைக்கெட்டாத காலம் அது. விளைந்த கீட்டோன்களைக் காரத்தால் பிளந்தால் ஒரு ட்ரைஅரைல்மீத்தேனும் ஓர் அரோமாட்டிக் கார்பாக்சிலிக் அமிலமும் கிடைக்கும். Ar நகர்ந்திருந்தால் கார்பனைலில் எஞ்சியிருப்பது Ar′. எனவே கிடைக்கும் அமிலம் Ar′COOH. நகராமல் நின்ற தொகுதியை அமிலம் அடையாளம் காட்ட, நகர்ந்த தொகுதி அதிலிருந்து உய்த்துணரப்பட்டது.

ஃபீனைலின் திறனை 1 எனக் கொண்டு பெறப்பட்ட மதிப்புகளுள் சிலவற்றை நோக்கலாம். பாரா-மீத்தாக்சிஃபீனைலுக்கு 500, பாரா-டோலைலுக்கு 15.7, பாரா-குளோரோஃபீனைலுக்கு 0.66. எலக்ட்ரானை வழங்கும் பதிலி திறனை உயர்த்துகிறது, ஈர்க்கும் பதிலி தாழ்த்துகிறது என்பது இவற்றால் வெளிப்படை. ஆயினும் இவ்வளவீடுகளில் மிகவும் கற்பிக்கத்தக்கது ஒரே மீத்தாக்சி தொகுதி மூன்று இடங்களில் தரும் மூன்று மதிப்புகளே எனலாம். பாரா நிலையில் 500 ஆக இருக்கும் திறன், மெட்டா நிலையில் 1.6 ஆகவும், ஆர்த்தோ நிலையில் 0.3 ஆகவும் சரிகிறது. பாரா நிலையில் ஆக்சிஜனின் எலக்ட்ரான் இரட்டை, வளையம் பாலமாக அமையும் கணத்தில் உருவாகும் நேர்மின்சுமையை நேரடியாகத் தாங்குகிறது. மெட்டா நிலையில் உடனிசைவு வழி அந்த இடத்தை எட்டுவதில்லை. ஆர்த்தோ நிலையில் உடனிசைவு சாத்தியமானாலும், வளையம் அடுத்த கார்பனை நெருங்கும் இடத்திலேயே மீத்தாக்சி நின்று கொள்ளிடத் தடையை ஏற்படுத்துகிறது. எலக்ட்ரான் வழங்கும் ஆற்றல் மட்டும் திறனைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை.

இம்மதிப்புகளைச் சமச்சீரற்ற டையாலுக்கு நேரடியாகக் கொண்டுசென்றால் நேர்வதைக் காண, ஒரு கார்பனில் இரு பாரா-மீத்தாக்சிஃபீனைல் தொகுதிகளும் மறு கார்பனில் இரு ஃபீனைல் தொகுதிகளும் உள்ள டையாலை எண்ணிப் பார்க்கலாம். பாரா-மீத்தாக்சி பதிலிகளே அவை இருக்கும் கார்பனின் நேரயனியை மிகுதியாக நிலைப்படுத்துகின்றன. ஆகவே அக்கார்பனே ஹைட்ராக்சிலை இழப்பதற்கு முற்படும். 500 என்னும் திறனுடைய தொகுதிகள் நேரயனிக் கார்பனில் நின்றுவிட, 1 என்னும் திறனுடைய ஃபீனைல் நகர்வதே இவ்வழியில் எதிர்பார்க்கத்தக்கது. ஒரு தொகுதியை நல்ல இடம்பெயர்வியாக ஆக்கும் அதே எலக்ட்ரான் வழங்கும் பண்பு, அது இருக்கும் கார்பனை நேரயனியாக்கி, அத்தொகுதிக்கு இடம்பெயரும் வாய்ப்பையே மறுக்கிறது. சமச்சீரற்ற டையால்களில் திறன் வரிசை அடிக்கடி தலைகீழாகத் தோன்றுவதன் வேர் இங்குள்ளது.

அமிலம் மாறும்போது

டையால் 2க்கு மேலே கூறிய கணிப்பு எல்லாச் சூழலிலும் நிற்பதில்லை. குளிர்ந்த அடர் கந்தக அமிலத்தில் அது பெரும்பாலும் கீட்டோன் 3ஐத் தருகிறது, கணிப்பும் அதுவே. ஆனால் கந்தக அமிலத்தின் சிறு துளி மட்டும் கலந்த அசிட்டிக் அமிலத்தில் பெரும்பங்கு கீட்டோன் 4ஆக அமைகிறது. அதாவது மெத்திலுக்கு மாறாக ஃபீனைல் நகர்ந்திருக்கிறது. 1920களிலேயே பிரெஞ்சு ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்ட இம்முரண், ஒரு நல்ல கணிப்பு எந்த நிபந்தனையின் மேல் நிற்கிறது என்பதை வெளிச்சமிடுகிறது.

கணிப்பில் மறைந்திருக்கும் நிபந்தனை, நேரயனி தோன்றியதும் அது திரும்பிச் செல்லாது என்பதாகும். உண்மையில் அது திரும்பிச் செல்ல முடியும். ஆக்சிஜன்-18 செறிந்த நீரைக் கொண்டு பினக்காலின் வினையை ஆராய்ந்தபோது, இடமாற்றம் அடையாமல் மீட்கப்பட்ட பினக்காலிலும் அவ்வோரிடத்தனிமம் நுழைந்திருந்தது 1950களில் அறியப்பட்டது. நீர் வெளியேறி, நேரயனி தோன்றி, இடமாற்றம் நிகழுமுன் வேறொரு நீர் மூலக்கூறு அதனைப் பிடித்து மீண்டும் டையாலாக்கியிருந்தால் மட்டுமே இது இயலும்.

இதனை டையால் 2க்குப் பொருத்திப் பார்க்கலாம். டைஃபீனைல் நேரயனி எளிதில் தோன்றுகிறது. ஆனால் அது நிலைப்பு மிக்கது என்பதாலேயே அதன் இடமாற்ற ஆர்வம் குறைவு; அத்துடன் அங்கு நகர வேண்டியது மந்தமான மெத்தில். வலிமை குன்றிய அமிலச் சூழலில் இந்நேரயனி மெத்தில் நகருமுன் மீண்டும் மீண்டும் டையாலுக்கோ அதன் எஸ்டருக்கோ திரும்பிவிடுகிறது எனக் கொண்டால், அரிதாக நிகழும் மற்றொரு வழிக்கு இடம் கிடைக்கிறது. டைமெத்தில் கார்பனிலிருந்து நீர் வெளியேறும் சில தருணங்களில், அடுத்த கார்பனிலுள்ள ஃபீனைல் உடனே நகர்ந்துவிடுகிறது. அதற்குத் திரும்பும் வழி இல்லை. எளிதில் தோன்றித் திரும்பும் நேரயனியைவிட, அரிதில் தோன்றித் திரும்பாத நேரயனி விளைபொருளைத் தீர்மானிக்கிறது. நீரின் செயற்பாடு மிகத் தாழ்ந்த அடர் கந்தக அமிலத்திலோ நேரயனியைத் திருப்பிப் பிடிக்க நீர் இல்லை. எளிதில் தோன்றும் நேரயனி தன் மெத்திலை நகர்த்திக் கொள்வதைத் தவிர வேறு வழி அறியாது.

விளைபொருளே மேலும் மாறுவதும் உண்டு. 1,1,2-ட்ரைஃபீனைல்ஈத்தேன்-1,2-டையாலில் டைஃபீனைல் கார்பன் நேரயனியானதும், அடுத்த கார்பனில் ஹைட்ரஜனும் ஃபீனைலும் போட்டியிடுகின்றன. ஹைட்ரஜன் நகர்ந்தால் Ph2CH–CO–Ph என்னும் கீட்டோனும், ஃபீனைல் நகர்ந்தால் Ph3C–CHO என்னும் ஆல்டிஹைடும் கிடைக்கும். ஆனால் அந்த ஆல்டிஹைடு வலிமையான அமிலத்தில் தானே அந்தக் கீட்டோனாக மாறக்கூடியது. எனவே நெடுநேரம் சூடுபடுத்திய கலவையில் கீட்டோன் மட்டும் கண்டவர், ஹைட்ரஜனே முந்தியது என முடிவுகட்டினால் அது ஆதாரமற்ற முடிவாகலாம். கார்பன்-14 அடையாளமிட்ட சேர்மங்களைக் கொண்டு காலின்சு முதலானோர் இத்தகைய டையால்களை ஆராய்ந்ததன் தேவை இதுவே. ஹைட்ரஜனின் இடத்தைத் திறன் வரிசையில் உறுதியாகக் குறிக்க இயலாமல் போவதற்கும் இது ஒரு காரணம். எளிய ஆய்வகத்தில் செய்யத்தக்கது, வினையின் தொடக்கத்திலேயே ஒரு மாதிரியை எடுத்து நோக்குவது. புரோட்டான் காந்த ஒத்ததிர்வில் ஆல்டிஹைடு புரோட்டானின் குறிகை தொடக்கத்தில் தோன்றிப் பின்னர் மறையுமாயின், கீட்டோனின் ஒரு பகுதியேனும் ஆல்டிஹைடு வழியாக வந்தது எனக் கருதலாம்.

கீட்டோன் 3, கீட்டோன் 4: எது விளைந்தது?

இரண்டுக்கும் வாய்பாடு C16H16O. மூலக்கூறு நிறை 224. நிறை நிறமாலையில் மூலக்கூறு அயனி வேறுபாடு காட்டாது, உடைவுகளே காட்டும். கீட்டோன் 3 அசிட்டைல் தொகுதியை இழந்து 181 என்னும் நிறையுள்ள டைஃபீனைல்எத்தில் நேரயனியைத் தருகிறது. கீட்டோன் 4 பென்சோயில் நேரயனிக்குரிய 105ஐயும், 2-ஃபீனைல்-2-புரொப்பைல் நேரயனிக்குரிய 119ஐயும் தருகிறது.

அகச்சிவப்பு நிறமாலையில் கீட்டோன் 3இன் கார்பனைல் ஏறத்தாழ 1710 செ.மீ⁻¹ அளவிலும், வளையத்துடன் இணைந்த கீட்டோன் 4இன் கார்பனைல் ஏறத்தாழ 1680 செ.மீ⁻¹ அளவிலும் உறிஞ்சும். புரோட்டான் காந்த ஒத்ததிர்வில் வேறுபாடு இன்னும் வெளிப்படையானது. கீட்டோன் 3இல் மும்மூன்று புரோட்டான்களுக்குரிய இரு ஒற்றைக் குறிகைகள், ஏறத்தாழ 1.9, 2.1 பிபிஎம் அளவுகளில், அமையும். கீட்டோன் 4இல் ஆறு புரோட்டான்களுக்குரிய ஒரே குறிகை ஏறத்தாழ 1.6 பிபிஎம் அளவில் அமையும். கலவை கிடைத்தால் இக்குறிகைகளின் பரப்பு விகிதமே இரு கீட்டோன்களின் விகிதத்தைத் தரும். கருவி வசதி இல்லாத இடத்தில் அயோடோஃபார்ம் சோதனையும் உதவும்: மெத்தில் கீட்டோனாகிய 3 மஞ்சள் வீழ்படிவு தரும், 4 தராது. ஆனால் கலவையில் 3 சிறிதளவே இருந்தாலும் வீழ்படிவு தோன்றுமாதலால், இச்சோதனையைக் கொண்டு 4 இல்லை எனக் கூறிவிட முடியாது.

டையால் 1ஐப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் எதிர்பார்க்க வேண்டும். அதன் நேரயனிக் கார்பனில் ஒரு மெத்தில் உள்ளது. அம்மெத்தில் புரோட்டானை இழந்தால் இரட்டைப் பிணைப்பு தோன்றும். இரு பக்கமும் இவ்வாறு நீர் நீங்கினால் 2,3-டைஃபீனைல்பியூட்டா-1,3-டையீன் விளையும். 5.3 முதல் 5.6 பிபிஎம் வரையில் காணப்படும் குறிகைகள் அதனைக் காட்டிக்கொடுக்கும். டையால் 2இன் நிலைப்பு மிக்க நேரயனிக்கு இந்த வழி அடைபட்டுள்ளது; நேர்மின்சுமையுள்ள கார்பனை அடுத்த எந்த அணுவிலும் நீக்கத்தக்க ஹைட்ரஜன் இல்லை. இடமாற்றத்தின் விளைச்சல் டையால் 2இல் தூய்மையாக இருப்பதற்கு இதுவும் துணைசெய்கிறது. பென்சோபினக்காலை அசிட்டிக் அமிலத்தில் சிறிதளவு அயோடினுடன் சில நிமிடங்கள் கொதிக்கவைத்தாலே ஏறத்தாழ முழு அளவில் கீட்டோன் கிடைப்பதும் இக்காரணத்தை ஒட்டியதே. அங்கே நான்கு தொகுதிகளும் ஃபீனைல் என்பதால், நீங்கத்தக்க ஹைட்ரஜனே இல்லை.

வளையம் விதிக்கும் திசை

இதுவரை கண்ட டையால்களில் கார்பன்–கார்பன் பிணைப்பு தடையின்றிச் சுழலக்கூடியது; எந்தத் தொகுதியும் தேவையான இடத்துக்குத் திரும்பிக்கொள்ளும். வளையத்தில் அவ்வுரிமை இல்லை. 1,2-டைமெத்தில்சைக்ளோஹெக்சேன்-1,2-டையாலின் இரு வடிவங்களை 1930களில் பால் பார்ட்லெட் ஒப்பிட்டு ஆராய்ந்தது இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. நேரயனிகளின் நிலைப்பைக் கொண்டும், திறன் வரிசையைக் கொண்டும் நோக்கினால் இரு வடிவங்களுக்கும் ஒரே விடைதான் வரவேண்டும். ஆயினும் சிஸ் வடிவம் மெத்தில் நகர்ந்த 2,2-டைமெத்தில்சைக்ளோஹெக்சனோனையும், டிரான்ஸ் வடிவம் வளையம் சுருங்கிய 1-அசிட்டைல்-1-மெத்தில்சைக்ளோபென்டேனையும் தருகின்றன.

விடை இடஅமைப்பில் உள்ளது. நகரும் பிணைப்பு, வெளியேறும் ஹைட்ராக்சிலுக்கு நேரெதிர்ப் பக்கத்தில், ஒரே தளத்தில் அமைந்திருந்தால் வெளியேற்றமும் நகர்வும் ஒருங்கே நிகழ முடியும். சிஸ் வடிவத்தில் ஒரு ஹைட்ராக்சில் அச்சு நிலையிலும் மற்றொன்று கிடை நிலையிலும் இருக்கின்றன. அச்சு நிலையிலுள்ளது வெளியேறும்போது, அடுத்த கார்பனில் அதற்கு நேரெதிரே நிற்பது அச்சு நிலை மெத்தில். டிரான்ஸ் வடிவத்தில் இரு ஹைட்ராக்சில்களும் கிடை நிலையில் இருக்கையில், வெளியேறும் தொகுதிக்கு நேரெதிரே நிற்பது வளையத்தின் கார்பன்–கார்பன் பிணைப்பே. அது நகர்ந்தால் ஆறு கார்பன் வளையம் ஐந்தாகச் சுருங்குகிறது.

இவ்வேறுபாடு நேரயனி தனித்து வாழாத சூழலில்தான் தெளிவாக வெளிப்படும். நேரயனி விடுபட்டு நீடித்தால், சிஸ் வடிவத்திலிருந்து வந்ததா டிரான்ஸ் வடிவத்திலிருந்து வந்ததா என்னும் நினைவு அதனிடம் இராது; நீர் அதனை மீண்டும் பிடிக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்தும் பிடிக்கலாம். ஆகவே நீர்த்த அமிலத்தில் வளைய டையாலை ஆராய்வோர், விளைந்த கீட்டோனைப் பார்த்து எந்தப் பிணைப்பு நகர்ந்தது என எழுதுமுன், வினையை இடையில் நிறுத்தி, எஞ்சிய டையாலை மீட்டு, அது தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட வடிவமாகவே இருக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். மீட்ட டையாலில் மற்ற வடிவமும் கலந்திருந்தால், விளைபொருள் விகிதம் தொடக்கப் பொருளின் இடஅமைப்பைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு.